பலகாரத்தில் எறும்பு, படையலில் ஈ: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, கோகுலாஷ்டமி என்று தொடங்கி, ஐப்பசியில் தீபாவளி முடியும்வரை நம் வீடுகளில் வெல்லப் பாகும் நெய்யும் மணத்துக்கொண்டே இருக்கும். மழை பிடிக்கும் மாதங்களும் அவைதான். மண்ணுக்குள் ஈரம் ஏறியதும் எறும்புகள் சுவர் வழியாக வீட்டுக்குள் இடம்பெயர்கின்றன. குப்பை நனைந்து ஈ பெருகுகிறது. எங்கள் வீட்டில் பண்டிகைப் பலகாரம் பெரிய அளவில் நடக்கும். செய்தவற்றைக் காப்பாற்றும் வேலை நெடுநாளாக என்னுடையது. அந்த அனுபவத்தில், என்ன தென்படுகிறதோ அதை வைத்துத் தேடும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு எச்சரிக்கை. எறும்பைக் கண்டதும் பூச்சிமருந்து ஸ்பிரேயை எடுக்காதீர்கள். உணவு இருக்கும் இடத்தில் அது கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மருந்து பட்டதும் வரிசை கலைந்துவிடும்; எங்கிருந்து வந்தது என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும். சுவருக்குள் கூடு கட்டும் மிகச் சிறிய மஞ்சள் நிற எறும்பாக இருந்தால், மிரண்ட கூட்டம் பிரிந்து இரண்டு மூன்று இடங்களில் புதுக் கூடு வைக்கும். அடுத்த வாரம் சமையலறையில் இருந்த தொல்லை படுக்கையறைக்கும் வந்து சேரும்.

அறிகுறி 1: பலகாரப் பாத்திரத்தை நோக்கி வரிசையாக எறும்பு போகிறது

முதலில் பாத்திரத்தை மட்டும் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். வரிசையைத் தொடாதீர்கள். பாத்திரம் இருந்த இடத்திலிருந்து பின்னோக்கி, எறும்பு வரும் திசையில் கண்ணை ஓட்டிக்கொண்டே போங்கள். கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் எறும்பின் நிழல் நீளமாக விழும். சிறிய எறும்பும் தெரியும். வரிசை எங்கே சுவருக்குள் மறைகிறதோ, எங்கே வீட்டைவிட்டு வெளியேறுகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகுதான் துடைக்க வேண்டும்.

*வரிசை தரை ஓரமாக வந்து வாசல்படி அல்லது கழிவுநீர்க் குழாய் அருகே வெளியேறினால்*, இதுதான் எளிதான நிலை. ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, துணியை நனைத்து, பாத்திரம் இருந்த இடம் தொடங்கி வெளியேறும் இடம்வரை வரிசை முழுவதையும் துடையுங்கள். எறும்பு போட்டுவைத்த வாசனைத் தடம் அதில் போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்தால் ஈரம் காய்ந்ததும் அதே தடத்தில் மறுபடி வரும். துடைத்தபின் அந்த வெடிப்பை வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்துவிடுங்கள். அன்றே அடைக்க நேரமில்லை என்றால் கோதுமை மாவை உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து அப்பிவைக்கலாம். பண்டிகை நாள் கழியும்வரை தாங்கும்.

*வரிசை ஜன்னல், வென்டிலேட்டர், பரண் என்று மேலிருந்து இறங்கினால்*, வெளியே அதற்கு ஒரு பாலம் இருக்கிறது. ஒரு தீபாவளியின்போது எங்கள் பரணில் இருந்த அதிரசச் சம்படத்துக்குப் பெரிய வரிசை வந்தது. தரையில் ஒன்றும் இல்லை, சுவரில் ஓட்டையும் இல்லை. பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனபோது அது பரணின் விளிம்பில் ஓடி, வென்டிலேட்டர் வழியாக நுழைந்திருந்த சீரியல் விளக்கு வயரில் ஏறியது. வயரின் மறுமுனை வெளியே வேப்பமரக் கிளையில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பண்டிகைக்காக நாங்களே கட்டிய அலங்காரம்தான் மரத்தில் இருந்த எறும்புக்கு வழி அமைத்திருக்கிறது. வயரை மரத்திலிருந்து அவிழ்த்துக் கொடிக்கம்பியில் மாற்றிக் கட்டி, வென்டிலேட்டரையும் பரணையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். அன்று மாலைக்குள் வரவு நின்றுவிட்டது. துணி உலர்த்தும் கொடி, கேபிள் வயர், சுவரில் உரசும் மரக்கிளை, மாடித் தொட்டியிலிருந்து தொங்கும் கொடி ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். கிளையாக இருந்தால் சுவரிலிருந்து ஒரு முழமாவது விலகும்படி வெட்டிவிட வேண்டும்.

*வரிசை சுவிட்ச் போர்டுக்குள் போய் மறைந்தால்*, அங்கே துணி, தண்ணீர், பொடி எதையும் கொண்டுபோகாதீர்கள். போர்டைத் திறக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. அவர் மெயினை அணைத்துத் திறந்து, கம்பி வரும் குழாயின் வாயை அடைத்துத் தருவார். அதுவரை பலகாரத்தை அந்தச் சுவர்ப்பக்கம் வைக்க வேண்டாம்.

*துடைத்து அடைத்தும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தால்*, கூடு வீட்டுக்குள் இருக்கிறது. இதற்குத் தீனி வைப்பதுதான் வழி. ஆனால் இது பண்டிகை அன்று செய்கிற வேலை இல்லை. தீனி வைத்ததும் முதல் இரண்டு நாள் எறும்பு வழக்கத்தைவிட அதிகமாக வரும். கூட்டம் முழுவதும் அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே பண்டிகைக்கு 15 நாள் முன்பே தொடங்க வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் ஆசிட் பொடி, கேரம் போர்டில் தூவுவார்களே, அதில் 2 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய அந்த அளவு வரும். 200 மில்லி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு அதைக் கரையுங்கள். ஆறியதும் பஞ்சில் நனைத்துப் பழைய பாட்டில் மூடிகளில் வைத்து, வரிசை ஓடும் ஓரங்களில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பஞ்சை மாற்றுங்கள். பொடியைக் கூடுதலாகப் போட்டால் வேகமாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுதலாகப் போட்டால் எறும்பு அதைத் தின்னாமல் ஒதுக்கிவிடும், அல்லது கூட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே வழியில் செத்துவிடும்; ராணி எறும்புக்கு மருந்து போய்ச் சேராது. இது விஷம். குழந்தைகள், பூனை, நாய் எட்டாத இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது.

சர்க்கரைத் தீனியை எறும்பு சீண்டவே இல்லை என்றால் அது எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் வரும் வகையாக இருக்கும். ஓர் அட்டையில் ஒரு மூலையில் சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டும் மறு மூலையில் தேங்காய்த் துருவலும் வைத்து, அரை மணி நேரம் கழித்து எதில் கூட்டம் என்று பாருங்கள். கடிக்கும் சிவப்பு எறும்பு பெரும்பாலும் தேங்காய்ப் பக்கம்தான் மொய்க்கும். அவற்றுக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் வைக்கும் பசை மருந்துதான் பொருத்தம்.

அறிகுறி 2: மூடிய டப்பாவுக்குள்ளேயே எறும்பு

*டப்பாவின் வெளிப்புறம் பிசுபிசுக்கிறதா?* பத்தில் ஒன்பது முறை காரணம் இதுதான். பாகில் தோய்ந்த கையாலேயே மூடியைத் திறந்து மூடுகிறோம். சம்படத்தின் கழுத்தில், மூடி வந்து உட்காரும் வளையத்தில், கடுகளவு வெல்லப்பாகு ஒட்டி உலர்ந்து பழுப்பாகக் கண்ணாடிபோல் நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரல் நகத்தால் வருடினால் தட்டுப்படும். எறும்பு முதலில் அந்தத் துளிக்குத்தான் வருகிறது, அதன்பிறகு இடுக்கு வழியாக உள்ளே போகிறது. பலகாரம் அடுக்கி முடித்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து, மூடியின் உள்வளையம், டப்பாவின் அடிப்பாகம் மூன்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மூடுங்கள்.

*மூடி சரியாகப் பொருந்துகிறதா?* எவர்சில்வர் சம்படத்தின் மூடி இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். காலி டப்பாவுக்குள் கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு மூடி, இருட்டறையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சிற்றெறும்பு நுழையும். கீழே விழுந்து விளிம்பு நசுங்கிய சம்படங்கள் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அவற்றை முறுக்கு, தட்டைக்கு ஒதுக்கிவிட்டு, அதிரசம், லட்டு, மைசூர்பாகு போன்றவற்றை ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

*எறும்பு முன்பே உள்ளே இருந்ததா?* சூடாக இருக்கும்போது மூடினால் வியர்த்துப்போய்ப் பலகாரம் கெடும் என்பதால் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுகிறோம். அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் எறும்புக்கு வசதியான நேரம். ஒன்றிரண்டு உள்ளே ஏறியிருந்தால் நாமே அவற்றைச் சேர்த்து டப்பாவில் அடைத்துவிடுகிறோம். அடியில் விரிக்கும் பழைய செய்தித்தாளின் மடிப்பிலும் எறும்பு வரும். ஆறவைக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். மேலே மெல்லிய மல் துணியோ கொசுவலையோ பலகாரத்தில் படாதபடி விரித்து, ஃபேனை ஓடவிடுங்கள். பலகாரம் சீக்கிரம் ஆறும், ஈயும் உட்காராது.

டப்பாவுக்குள் கற்பூரம் போட்டுவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பூஜைக்கு ஏற்றும் கற்பூரம் உண்ணத் தக்கதன்று. பாச்சை உருண்டையை அலமாரியில் வைப்பது அதைவிட ஆபத்து. நெய்ப் பலகாரம் அந்த வாசனையை நன்றாக இழுத்துக்கொள்ளும். கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் தடம் போட்டுவிட்ட எறும்பு அவற்றைத் தாண்டித்தான் போகிறது. அவற்றை நம்பி மூடியைத் தளர்வாக விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி 3: தண்ணீர்த் தட்டில் வைத்தும் எறும்பு ஏறுகிறது

தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் பாத்திரத்தை வைப்பது நம் பாட்டிமார் வழி. சரியாக வைத்தால் இன்றும் அதற்கு இணையில்லை. அது தவறும் இடங்கள் இவை.

பாத்திரத்தின் மேற்பகுதியோ கரண்டியின் காம்போ சுவரைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருக்கும் துணியின் நுனி மேசையில் தொங்கினாலும் அதுவே பாலம். பாத்திரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாத்திரம் தட்டளவுக்குப் பெரியதாக இருந்தால் கவிழ்த்த டவராவின் மேல் உயர்த்தி வையுங்கள். அப்போது தண்ணீரின் அகலம் முழுவதும் காவலுக்குக் கிடைக்கும்.

அடுத்து, தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரவு நின்ற தண்ணீரில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ஏடுபோல மெல்லிய திரை படிந்திருக்கும். பிள்ளையார் எறும்பு போன்ற எடை குறைந்தவை அந்தத் திரைமீது நடந்தே கடந்துவிடும். முன்னே போனவை மூழ்கினாலும் அவற்றின் உடல்மேல் பின்னால் வருபவை ஏறிப்போகும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுவதும், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுவதும் போதும். சோப்பு கலந்த தண்ணீர் எறும்பைத் தாங்காது. கால் வைத்ததும் அமிழ்ந்துவிடும். நைவேத்தியத்துக்கு உரிய பாத்திரம் என்பதால் சோப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள், பாத்திரத்தை நேரே வைக்காமல் மேசைக்கால் கிண்ணங்களில் மட்டும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் எறும்பு வந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். உறி, தொங்கும் விளக்கின் சங்கிலி, தோரணம் எதிலிருந்தாவது உதிரும். உறிக்கயிற்றில் கைப்பிடி நீளத்துக்கு விளக்கெண்ணெயைக் கெட்டியாகத் தடவினால் எறும்பு அதைக் கடக்காது. தூசி ஒட்டி உலர்ந்ததும் திரும்பத் தடவ வேண்டும்.

மஞ்சள்தூள் கோடும் உதவும், ஆனால் உலர்ந்த தரையில், விரல் அகலத்துக்கு, இடைவெளி விடாமல் போட்டால் மட்டும். ஈரத்துணியால் துடைக்கும் சமையலறையில் அது நிற்காது. கடையில் விற்கும் எறும்பு சாக்பீஸில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறது. உணவுத் தட்டையோ பலகாரம் வைக்கும் மேடையையோ சுற்றி அதைக் கோடிழுக்கக் கூடாது. குழந்தைகள் அதை எழுதும் சாக்பீஸ் என்று எடுத்துவிடுவார்கள். பழைய வீடுகளில் டப்பாவில் மிச்சமிருக்கும் காமாக்சீன் பொடியை எடுத்துத் தூவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருக்கும் பி.எச்.சி. மருந்து இந்தியாவில் 1997-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அதைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி 4: நைவேத்தியம் ஆவதற்குள் படையலில் எறும்பு

பூஜை அறைக்குத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சமையலறையில் மூடிவைக்கலாம், எடுத்து உள்ளே வைக்கலாம். படையலை இலையில் பரப்பி, விளக்கேற்றி, பூஜை முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ருசிபார்க்காத பண்டத்தில் எறும்பு ஏறிவிட்டால் மனம் ஒப்பாது. மறுபடி செய்யவும் நேரம் இருக்காது.

*கோலத்தைப் பாருங்கள்.* கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறைவரை அரிசிமாவைக் கரைத்துக் கண்ணன் பாதம் போடுகிறோம். எறும்புக்கு அது வாசல் தொடங்கிப் படையல்வரை இடைவிடாமல் இட்ட தீனி. முதல்நாள் இரவே போட்டுவிட்டால் காலையில் ஒவ்வொரு பாதத்தின் விளிம்பிலும் எறும்பு நிற்கும். வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவது எறும்புக்கும் உணவு கிடைக்கட்டும் என்றுதான். அதை விட்டுவிட வேண்டாம். நிலைப்படிக்கு உள்ளே மட்டும் கல்மாவில் பாதம் போடுங்கள், அல்லது அரிசிமாவுப் பாதத்தைப் பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போடுங்கள். படையல் மனையின் அடியிலும் சுற்றிலும் அரிசிமாவு வேண்டாம்.

*பூவையும் தழையையும் பாருங்கள்.* எறும்பு வெளியிலிருந்து வரிசையாக வராமல், படையல்மீது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரிந்தால் அது மாலையோடு வந்தது. மாவிலைக் கொத்தில் முசுறு இருக்கும். வாழைக்கன்றின் மட்டை இடுக்கு, கரும்பின் தோகை, அருகம்புல் கட்டு, எருக்கம்பூ எல்லாவற்றிலும் எறும்பு வரும். வாங்கிவந்ததும் திண்ணையில் வெள்ளைத் துணியின்மேல் உதறி, அரை மணி நேரம் அங்கேயே விட்டுவைத்துப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். தழையையும் வாழைக்கன்றையும் தண்ணீரில் அலசிவிடலாம். முதல்நாள் பூ, அபிஷேகப் பால் சிந்திய இடம், விளக்கடியில் வழிந்த எண்ணெய் ஆகியவற்றைப் படையலுக்கு முன்பே துடைத்து எடுத்துவிடுங்கள்.

*வைக்கும் வரிசையை மாற்றுங்கள்.* பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு முதலியவற்றை முன்பே வைத்துக்கொள்ளலாம். வெல்லக் கொழுக்கட்டை, பானகம், அவல், பொரியோடு கலந்த வெல்லம், தேன் ஆகியவற்றை மூடியபடி ஒரு மேசையில் நிறுத்தி, நைவேத்தியம் செய்யும் நேரத்தில் கொண்டுவந்து திறங்கள். தேங்காயையும் அப்போதே உடையுங்கள். இலையைத் தரையில் போடாமல் மனைமீது போட்டு, மனையின் கால்களைச் சிறு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினால், நீண்ட பூஜையாக இருந்தாலும் கவலை இல்லை. கால் இல்லாத பலகை என்றால் நான்கு மூலைக்கும் நான்கு டவராவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் ஒரு தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

அறிகுறி 5: பந்தி நடக்கும்போது ஈ மொய்க்கிறது

ஒன்றிரண்டு ஈ என்றால் ஃபேன் போதும். வீசும் காற்றை எதிர்த்து வந்து ஈயால் உட்கார முடியாது. மேலே தொங்கும் ஃபேனைவிட, பரிமாறும் மேசைமீது பக்கவாட்டிலிருந்து வீசும் மேசை விசிறி நன்றாக வேலை செய்யும். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் ஆவி பறக்கும்வரை ஈ நெருங்காது. ஆறிய பண்டங்களில்தான் தொல்லை: இனிப்பு, தயிர்ப் பச்சடி, வெட்டிய பழம், அப்பளம்.

ஈ மொய்க்கிறது என்று சொல்லும் அளவுக்கு இருந்தால் அது சாப்பாட்டைத் தேடி மட்டும் வரவில்லை. பக்கத்தில் அதற்கு வேறொன்று இருக்கிறது. பெரும்பாலும் முதல் பந்தி நன்றாகவே நடக்கும், இரண்டாவது பந்தியில் ஈ நிறையும். இடையில் நடந்தது என்ன? முதல் பந்தியின் எச்சில் இலைகள் கொல்லையில் குவிந்துவிட்டன. பாயசமும் சாம்பாரும் வழியும் அந்த இலைக்குவியலுக்கு வந்த ஈ அங்கிருந்து பந்திக்குப் பறக்கிறது.

பந்தி தொடங்கும் முன்பே மூடியுள்ள பெரிய டிரம்மில் கனமான பிளாஸ்டிக் பையைப் போட்டுத் தயாராக வையுங்கள். சாப்பிட்டவர்கள் மடித்த இலையை விரிக்காமல் அப்படியே உள்ளே போட்டு உடனே மூட வேண்டும். டிரம் பந்தியிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி, காற்று பந்தியிலிருந்து அதன் பக்கம் வீசும்படி இருக்கட்டும். கை கழுவும் இடத்தில் சோறு தேங்கினால் ஒரு வாளி தண்ணீரைத் தள்ளிக் கழுவிவிடுங்கள். பந்தி முடிந்து இடத்தைக் கழுவியபின் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் தூவினால் போதும். சாப்பிடும்போது தூவாதீர்கள்; நெடி தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்கள் உட்கார்ந்தபின் பரிமாறுங்கள். அரை மணி நேரம் முன்பே இலை போட்டு இனிப்பையும் பச்சடியையும் வைத்துவிடுவது கல்யாண மண்டபத்துப் பழக்கம். வீட்டில் அதற்கு அவசியம் இல்லை.

நீல விளக்குப் பூச்சிக்கொல்லிப் பெட்டியைப் பந்திக்கு மேல் தொங்கவிடக் கூடாது. அது ஈயைத் தன்னிடம் இழுக்கிறது; பொசுங்கிய ஈயின் துகள் கீழே உதிர்கிறது. உணவிலிருந்து பத்தடிக்கு அப்பால், வாசல் வெளிச்சம் படாத சுவரில் வையுங்கள். ஒட்டும் அட்டையைக் குப்பை டிரம் பக்கத்தில் வைத்தால் நிறையப் பிடிக்கும். பந்தி இடத்தில் சாம்பிராணிப் புகையை முன்கூட்டிப் போட்டு, கதவைத் திறந்து ஈயை வெளியேற்றலாம். புகை அடங்கியதும் அதன் பலன் முடிந்தது.

ஈ எந்நேரமும், விருந்து இல்லாத நாளிலும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலேயே அது பெருகும் இடம் ஒன்று இருக்கும். கோடையிலும் மழைக்கால வெக்கையிலும் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏறக்குறைய பத்து நாளில் வளர்ந்துவிடும். சாணக்குவியல், கோழிக்கூண்டு, வாரம் ஒரு முறை மட்டுமே காலியாகும் குப்பைத்தொட்டி, செப்டிக் டேங்க் மூடியின் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க் மூடி என்றால் கொத்தனார் வேலை. தெருத்தொட்டி என்றால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ புகார் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: பழத்தாரைச் சுற்றிக் குட்டி ஈ

கடுகளவு ஈக்கள் வாழைத்தார், பலாச்சுளை, வெட்டிய மாம்பழம் இவற்றின்மேல் மிதந்துகொண்டே இருக்கும். இவற்றைச் சாதாரண ஈயோடு சேர்க்கக் கூடாது. பழுத்து வெடித்த பழமும், புளித்துப்போன பழச்சாறும்தான் இவற்றுக்குப் பிறப்பிடம். தாரில் வெடித்த பழங்களை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றிச் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தாரின் அருகில் வைத்தால் ஓரிரவில் பெரும்பாலானவை அதில் விழுந்துவிடும். பழம் எல்லாம் எடுத்தும் பறந்தால் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்க்குள் மண்டிய கசடைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள்.

எறும்பு, ஈ ஏறிவிட்ட பண்டத்தை என்ன செய்வது?

முறுக்கு, சீடை, தட்டை போன்ற உலர்ந்தவை என்றால் அகலத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வெயிலில் வையுங்கள். எறும்பு தானாக வெளியேறிவிடும். தட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் சலித்துவிடுங்கள். லட்டு, அதிரசம் என்றால் உதறிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, உள்ளே இல்லை என்றால் வீட்டார் உண்ணலாம். விருந்தாளிக்கும் படையலுக்கும் வைக்க வேண்டாம். பாயசம், கேசரி, பால் இனிப்பு இவற்றில் எறும்பு விழுந்து ஊறியிருந்தாலோ, ஈ மொய்த்து நெடுநேரம் வெளியில் இருந்தாலோ கொட்டிவிடுங்கள். ஈ திடமான பண்டத்தின்மேல் தன் வயிற்றிலிருந்து நீரைக் கக்கிக் கரைத்துத்தான் உறிஞ்சுகிறது. சாக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தும் அதையே செய்யும். ஸ்பிரேயோ பொடியோ பட்ட பண்டம் எதுவானாலும் குப்பைக்குத்தான். மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

சாப்பிட்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் போனால், அல்லது எறும்பு கடித்தவருக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறினால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை எப்போது அழைப்பது?

மூன்று நிலைகளில் அழைத்துவிடலாம். இரண்டு வாரம் தீனி வைத்தும் பல அறைகளில் ஒரே நேரத்தில் எறும்பு தெரிந்தால். தரை ஓட்டின் இணைப்பிலிருந்து மண்துகள் மேலே வந்து குவிந்துகொண்டே இருந்தால். இறகு முளைத்த எறும்போ ஈசலோ மழைக்குச் சம்பந்தமில்லாமல் வீட்டுக்குள்ளிருந்தே புறப்பட்டால். கடைசியாகச் சொன்னது கரையானாகவும் இருக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அழைக்கும்போது பென்சிலால் குறித்துவைத்த நுழைவிடங்களைக் காட்டுங்கள். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் தெளிப்பு மருந்து வேண்டாம், பசை மருந்து வையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வரும் நாளில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவைக்காதீர்கள். வரிசை தெரிந்தால்தான் மருந்தைச் சரியான இடத்தில் வைக்க முடியும். வைத்தபின் ஒரு வாரம் அந்தப் புள்ளிகளின்மேல் துணி படக்கூடாது. தீபாவளிக்கு என்றால் பாகு காய்ச்சும் நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தில் அவர்களுக்கும் நேரம் இருக்காது. வந்தாலும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கும் வீட்டில் வேலை செய்ய மாட்டார்கள்.